ஒரு பூட்டும் ஒன்றரை மீட்டர் நூலும்

பள்ளி திறந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் அந்த வாட்சப் செய்தி வரத் தொடங்கிவிடும். "அண்ணா, புள்ளைக்கு சயின்ஸ் எக்ஸிபிஷனாம். ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் சொல்லுங்களேன்." செய்தி அவ்வளவுதான். பிள்ளை எந்த வகுப்பு, எவ்வளவு செலவு செய்யலாம், வீட்டில் என்ன சாமான் இருக்கிறது, கண்காட்சி நாளைக்கா அடுத்த மாதமா, ஒன்றும் இருக்காது. திருப்பிக் கேட்டால் இரவு பத்து மணிக்கு மேல் பதில் வரும், அதுவும் "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொந்தத்திலும் தெருவிலும் இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: ஊசல். ஒரு நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள்.

இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் கொஞ்சம் வாடும். எரிமலை மாதிரி பொங்காது, எலுமிச்சம்பழ பேட்டரி மாதிரி விளக்கு எரியாது. ஆனால் எரிமலைக்கு ஆப்பசோடாவும் வினிகரும் வேண்டும், பொங்கி முடித்ததும் அளப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. எலுமிச்சைக்குச் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் தேட வேண்டும், ஒரு பழத்தில் எல்.இ.டி எரியவும் செய்யாது. பயறு முளைக்க வைக்கலாம் என்றால் நாலைந்து நாளாவது கையில் இருக்க வேண்டும். ஊசலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பூட்டு இல்லாத வீடு கிடையாது. ஸ்டாப்வாட்ச் எல்லார் போனிலும் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிளஸ் டூ பையனுக்கும் அதே பூட்டு, அதே நூல். மாறுவது கேட்கும் கேள்விதான். ஒரு மணி நேரம் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் அதற்கேற்ப நீட்டிக்கொள்ளலாம்.

முதலில் கட்டுவதைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு இங்கேயே கோளாறு வந்துவிடும். ஆணியில் நூலைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பூட்டு ஆடும்போது முடிச்சு ஆணியின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகரும், நூலின் நீளம் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். நூல் ஒரே புள்ளியிலிருந்து தொங்க வேண்டும். அதற்கு வீட்டிலேயே நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டு மர ஸ்கேலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் நூலைக் கொடுங்கள். ஸ்கேல் இரண்டும் பீரோவின் மேல்விளிம்பைத் தாண்டி ஒரு பத்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நூல் அந்த நுனி விளிம்பின் நடுவிலிருந்து கீழே இறங்கட்டும். உள்பக்கம் கனமான புத்தகங்களை ஏற்றிவிட்டு, நுனியில் ஒரு துணி கிளிப் போட்டுவிட்டால் நூல் அசையாது. நீளத்தை மாற்ற வேண்டுமா, கிளிப்பைத் தளர்த்தி நூலை மேலே இழுத்தால் போதும், முடிச்சை அவிழ்க்க வேண்டாம். பூட்டு பீரோவில் இடிக்காமல் இருக்க, கதவை நோக்கி ஆட்டாமல் கதவுக்கு இணையாக ஆட்ட வேண்டும்.

நூல் எதுவாகவும் இருக்கலாம். தையல் நூல், பூக் கட்டும் நூல், தூண்டில் நரம்பு எல்லாம் சரி. எலாஸ்டிக்கும் கம்பளி நூலும் மட்டும் வேண்டாம், பூட்டின் எடைக்கு நீண்டுகொண்டே போகும்.

அடுத்தது நீளம். ஸ்கேல் விளிம்பிலிருந்து முடிச்சு வரை அளப்பார்கள். அது நூலின் நீளம், ஊசலின் நீளம் அல்ல. ஊசலின் நீளம் என்பது பூட்டின் எடை மையம் வரைக்கும். அந்த மையத்தைக் கண்டுபிடிக்கப் பூட்டை ஒரு பென்சிலின் மேல் குறுக்காகப் படுக்க வையுங்கள். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும்தான் அளக்க வேண்டும். இந்தப் பென்சில் வேலையைப் பிள்ளையே செய்யட்டும். கண்காட்சியில் பார்க்க வருகிறவர்கள் "இந்தக் கோடு எதுக்கு?" என்று கேட்பார்கள், சொல்வதற்கு அதனிடம் ஒரு விஷயம் இருக்கும்.

ஆட்டுவதற்கு அதிகம் இழுக்க வேண்டாம். ஒரு மீட்டர் நூலென்றால் பக்கவாட்டில் ஒரு சாண் தாண்டாமல் இழுத்து, தள்ளாமல் விட்டுவிட வேண்டும்.

இனி எண்ணுவது. ஆய்வகத்தில் நான் பார்த்த தவறுகளில் எண்ணுவதில் வரும் தவறைத்தான் முதலில் வைப்பேன். பூட்டு ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கம் போய்த் திரும்பி வந்தால் ஒரு அலைவு. பிள்ளைகள் ஸ்டாப்வாட்சைத் தட்டும்போதே "ஒன்று" என்று சொல்லிவிடுவார்கள். பத்து என்று சொல்லி நிறுத்தும்போது உண்மையில் ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கும். தட்டும்போது "பூஜ்யம்" என்று சொல்லப் பழக்க வேண்டும். எங்கே தட்டுவது என்பதும் முக்கியம். ஓரத்துக்குப் போன பூட்டு அங்கே ஒரு கணம் தயங்கி நிற்கும், எப்போது திரும்பியது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நடுவில்தான் அது மிக வேகமாகப் போகிறது, ஆகவே நடுக்கோட்டைத் தாண்டும் நொடி தெளிவாகத் தெரியும். பீரோ கதவில் பூட்டுக்கு நேர் பின்னால் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பூட்டு அதை ஒரே திசையில் தாண்டும்போதெல்லாம் எண்ணினால் போதும்.

ஒரு அலைவை மட்டும் அளந்தால் என்ன என்று கேட்கலாம். கட்டைவிரல் தட்டுவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு நொடி இப்படி அப்படி ஆகிவிடும். ஒரு அலைவு இரண்டு நொடி என்றால் அது பத்து சதவீதப் பிழை. பத்து அலைவுக்குச் சேர்த்து அளந்தால் அதே பிழை இருபது நொடியில் கரைந்து ஒரு சதவீதம் ஆகிவிடும். ஒரு கருவியும் வாங்காமல் பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

என் தங்கை மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது செய்ததைச் சொல்கிறேன். முதல் வேலையாக அவளை ஊகத்தை எழுதச் சொன்னேன். பூட்டை ஆட்டுவதற்கு முன்னால், நோட்டில், பேனாவால். 25 சென்டிமீட்டர் நீளத்தில் பத்து அலைவுக்குப் பத்து நொடி ஆனால் 100 சென்டிமீட்டரில் எத்தனை நொடி ஆகும்? "நாலு மடங்கு நீளம் மாமா, அப்போ நாப்பது." எழுதினாள். நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் இதைத்தான் சொல்வார்கள், பெரியவர்களும்.

அளந்தபோது 25-க்கு 9.0 நொடி வந்தது, 100-க்கு 18.1. நாற்பது வராததில் அவளுக்கு ஆச்சரியம், எனக்கு அந்த எண்களிலேயே சந்தேகம். ஒரு மீட்டர் ஊசல் போய் வர இரண்டு நொடிக்குப் பக்கத்தில் ஆக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நான் அதைச் சொல்லவில்லை. "பத்துக்குப் பதிலா இருபது எண்ணிப் பாரு" என்றேன். பத்துக்கு 18.1 என்றால் இருபதுக்கு 36.2 வர வேண்டும். வந்தது 38.1. இரண்டு நொடி எங்கிருந்து வந்தது? கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு அவளே கண்டுபிடித்தாள். பத்து என்று சொன்னபோது ஒன்பதுதான் முடிந்திருந்தது, இருபது என்றபோது பத்தொன்பது. வாய்பாடு எதுவும் தெரியாத பிள்ளைகூட இந்தச் சோதனையைச் செய்யலாம். இருபதின் நேரம் பத்தின் நேரத்துக்குச் சரியாக இரண்டு மடங்காக இல்லையென்றால் எண்ணுவதில்தான் கோளாறு.

பூஜ்யத்திலிருந்து எண்ணி மறுபடி அளந்தாள். ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று தடவை. 25 சென்டிமீட்டருக்கு 10.0, 10.1, 9.9. ஐம்பதுக்குச் சராசரி 14.2. எழுபத்தைந்துக்கு 17.4. நூறுக்கு 20.1. நீளம் நாலு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்கு. முன்னால் தப்பாக எண்ணியபோதும் 9.0-க்கு 18.1 இரண்டு மடங்காகத்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்ததால் விகிதம் கெடவில்லை. அதனால்தான் விகிதத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கை சரி என்று முடிவு கட்ட முடியாது.

அடுத்து நான் கேட்ட கேள்விதான் அந்த ப்ராஜெக்டின் உயிர் என்று நினைக்கிறேன். "முப்பது நொடி ஆகணும்னா நூல் எவ்வளவு வேணும்?" நாலு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம் என்றால், மூன்று மடங்கு நேரத்துக்கு ஒன்பது மடங்கு நீளம். 25-ஐ ஒன்பதால் பெருக்கினால் 225 சென்டிமீட்டர். பீரோ உயரம் போதவில்லை. மாடிப்படிக் கைப்பிடியில் ஸ்கேலைக் கட்டித் தொங்கவிட்டோம். காற்று நின்ற நேரம் பார்த்து எண்ணினாள், முப்பதை ஒட்டியே வந்தது. அளக்காத ஒரு நீளத்துக்கு முன்கூட்டியே ஒரு எண்ணைச் சொல்லி, அது வந்து நின்றதைப் பார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை. சார்ட்டில் அவள் பெரிய எழுத்தில் எழுதியது அந்த 40 என்ற தப்பான ஊகத்தைத்தான். பக்கத்தில் 20.1.

சரி, எடை? "கனமான பூட்டு வேகமாக ஆடுமா?" என்பது சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல கேள்வி. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, முதலில் காலியாக, அப்புறம் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஆட்டுவார்கள். காலி பாட்டிலின் எடை மையம் ஏறக்குறைய நடுவில் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் மையம் சட்டென்று கீழே இறங்கிவிடும். அரை லிட்டர் பாட்டில் என்றால் ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கலாம். நூலைத் தொடவே இல்லை, ஆனால் ஊசல் நீண்டுவிட்டது. 60 சென்டிமீட்டராக இருந்தது 66 ஆனால் பத்து அலைவு நேரம் 15.5 நொடியிலிருந்து 16.3-க்குப் போகும். பிள்ளை "எடை கூடினால் மெதுவாகும்" என்று எழுதிவிடும். அளந்த எண்கள் உண்மை, முடிவு மட்டும் பொய். நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோர்த்துத் தொங்கவிட்டாலும் இதே கதைதான்.

இதற்கு அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு சின்ன டப்பா எடுங்கள். ஒன்றில் விளிம்பு வரை அரிசி, இன்னொன்றில் விளிம்பு வரை மணல். இரண்டும் முழுக்க நிரம்பியிருப்பதால் மையம் ஒரே இடத்தில் இருக்கும், எடை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது ஆட்டினால் நேரத்தில் வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் வந்தால் எடையைச் சந்தேகிக்காமல் நூலை அளந்து பாருங்கள்.

மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு என்றால் ஸ்டாப்வாட்சே வேண்டாம். அரிசி டப்பாவையும் மணல் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நீளத்தில் தொங்கவிட்டு, ஒரு நீள ஸ்கேலால் இரண்டையும் சேர்த்து இழுத்து ஸ்கேலைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். இரண்டும் கைகோத்த மாதிரி சேர்ந்து ஆடும். ஒரு டப்பாவின் ஊசல் நீளத்தைக் கால்வாசியாகக் குறைத்தால், நீள ஊசல் ஒரு தடவை போய் வருவதற்குள் குட்டை ஊசல் இரண்டு தடவை போய் வரும். எண்ணே எழுதத் தெரியாத பிள்ளைக்கும் இது கண்ணுக்குத் தெரியும். நீளம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 50 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே ஐம்பது அலைவுக்குள் ஒன்று இடது பக்கம் இருக்கும்போது மற்றது வலது பக்கம் இருக்கும். இரண்டையும் தொய்வான ஒரே கயிற்றில் மட்டும் கட்டிவிடாதீர்கள். ஒன்று ஆட ஆட மற்றதற்கு ஆட்டம் கைமாறும், இது நின்று அது ஆடும், பிறகு அது நின்று இது ஆடும். பார்க்க அழகு, ஆனால் அது வேறு ப்ராஜெக்ட்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் கிராப் போட வேண்டும். நீளத்துக்கு எதிரே நேரத்தைப் போட்டால் வளைந்த கோடு வரும். நேரத்தின் இருமடியைப் போட்டால் நேர்கோடு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் அங்கிருந்து புவியீர்ப்பு முடுக்கத்துக்குப் போகலாம். g = 4π²L/T² என்ற வாய்பாட்டில் நீளம் ஒரு மீட்டரையும் ஒரு அலைவு நேரம் 2.01 நொடியையும் போட்டால் 9.77 வருகிறது. பீரோவும் துணி கிளிப்பும் கொடுத்த விடை என்று பார்த்தால் நல்ல விடை. எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போன பிள்ளைக்கு 12-க்குப் பக்கத்தில் வரும். ஆய்வக நோட்டில் 12-ஐப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும், இவன் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறான் என்று. அதைவிடச் சந்தேகத்துக்குரியது 9.8 என்று நூல் பிடித்த மாதிரி வருவதுதான். விடையை முதலில் எழுதிவிட்டு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்பிய நோட்டுகள் எத்தனையோ.

பிளஸ் ஒன் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் பெரிய பித்தளைப் பூட்டை எடுத்துக்கொண்டு, பூட்டின் வளையம் வரைக்கும்தான் அளந்திருந்தான். மையம் அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே. 25 என்று அவன் எழுதிய இடத்தில் பத்து அலைவுக்கு 11.0 நொடி, 100 என்று எழுதிய இடத்தில் 20.6. இரண்டு மடங்கு வரவில்லை, 1.87 மடங்குதான். நேரடியாக வாய்பாட்டில் போட்டால் நூறுக்கு 9.3, இருபத்தைந்துக்கு 8.2 என்று ஒவ்வொரு நீளத்துக்கும் ஒவ்வொரு விடை. பூட்டை மாற்ற வேண்டுமா என்று கேட்டான். கிராப் போடச் சொன்னேன். நேரத்தின் இருமடிக்குக் கோடு நேராகத்தான் வந்தது, ஆனால் மூலப்புள்ளி வழியாகப் போகவில்லை. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நீள அச்சில் கழித்தல் ஐந்தில் போய் வெட்டியது. அளக்காமல் விட்ட ஐந்து சென்டிமீட்டர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கோட்டின் சரிவிலிருந்து கணக்குப் போட்டால் 9.8 அப்படியே வந்துவிட்டது, தவறாக அளந்த எண்களை வைத்துக்கொண்டே. புள்ளி புள்ளியாகக் கணக்குப் போடாமல் கிராப்பின் சரிவை எடுக்கச் சொல்வது எதற்கு என்று அவன் கேட்டதே இல்லை, இனிமேலும் கேட்க மாட்டான்.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, பிள்ளைக்கும் ஆர்வம் இருக்கிறது என்றால் இழுக்கும் தூரத்தை மாற்றிப் பார்க்கலாம். எவ்வளவு இழுத்துவிட்டாலும் நேரம் மாறாது என்று கலிலியோ நம்பினார், நிறையப் பேர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். சின்னக் கோணத்துக்கு அது சரி. ஒரு மீட்டர் ஊசலை ஒரு சாண் இழுத்தால் வரும் வித்தியாசத்தைப் போன் ஸ்டாப்வாட்சால் பிடிக்க முடியாது. ஆனால் அறுபது டிகிரிக்கு இழுத்தால் ஒரு அலைவு ஏழு சதவீதம் நீளும். பத்து அலைவுக்கு 20.1 என்பது 21.5-ஐ நோக்கிப் போகும். ஆட ஆட வீச்சு குறைந்துவிடும் என்பதால் முழு வித்தியாசமும் தெரியாது, ஆகவே ஐந்து அலைவு மட்டும் அளந்து பல தடவை செய்ய வேண்டும். கண்காட்சியில் யாராவது "நேரம் மாறாதே, நீ தப்பா அளந்திருக்கே" என்று சொல்லக்கூடும். வாக்குவாதம் வேண்டாம், ஸ்டாப்வாட்சை அவர் கையில் கொடுத்துவிடலாம்.

சென்னைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சமாச்சாரம் உண்டு. 1656-இல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கயேன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் தாமதமாக ஓடியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பது இப்படித்தான் தெரியவந்தது. அதே கேள்வியோடு 1821-இல் மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் நம் ஊரிலேயே ஊசலை ஆட்டி அளந்தார். இங்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி எடுக்கும் ஊசல் 99 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம். லண்டனில் அதே ஊசல் அதைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். அந்த வானாய்வகம் இருந்த இடம் நுங்கம்பாக்கம். இன்றைக்கு மழை வருமா என்று நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற வானிலை ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. 3 மில்லிமீட்டரைப் பீரோவில் தொங்கும் பூட்டால் பிடிக்க முடியாது. நம் பிழை ஒரு சதவீதம், நீளத்தில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல். அதையும் பிள்ளை சார்ட்டில் எழுதலாம், நடுவர்கள் இப்படி எழுதியதை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்.

கண்காட்சி அன்றைக்கு இரண்டு விஷயம் கெடுக்கும். ஒன்று மின்விசிறி. தலைக்கு மேல் ஓடினால் பூட்டு நேர்கோட்டில் ஆடாமல் முட்டை வடிவில் சுற்றத் தொடங்கும். கனமான, சின்ன பூட்டாக இருந்தால் பாதிப்பு குறைவு, ஆனால் மூலை மேசையாகக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொன்று ஸ்டாண்ட். தெர்மாகோலில் ஒட்டிய குச்சியில் தொங்கவிட்டால் பூட்டோடு சேர்ந்து குச்சியும் ஆடும், ஆட்டம் சீக்கிரம் அடங்கும், நேரமும் மாறும். மேசை விளிம்பில் அதே இரண்டு ஸ்கேலையும் புத்தகப் பையையும் வைத்தால் போதும். மேசை உயரத்துக்கு 25 சென்டிமீட்டரும் 50 சென்டிமீட்டரும் தாராளமாகக் கிடைக்கும்.

சார்ட்டின் தலைப்பு "தனி ஊசல்" என்று இருக்க வேண்டாம். "நூல் நாலு மடங்கானால் நேரம் எத்தனை மடங்கு?" என்று போட்டு, கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, வருகிறவர்களை முதலில் அவர்கள் ஊகத்தை எழுதச் சொல்லலாம். மதியத்துக்குள் அந்தத் தாள் முழுக்க நாலு நாலாக நிரம்பிவிடும்.

நடுவர் தவறாமல் கேட்கும் கேள்வி, "இதனால என்ன பயன்?" கடிகாரம் என்று எல்லாரும் சொல்வார்கள். பூங்கா ஊஞ்சலைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மீட்டர் சங்கிலி என்றால் பத்து தடவை போய் வர இருபத்தெட்டு நொடிக்குப் பக்கத்தில் ஆகும். ஒரு பிள்ளை உட்கார்ந்தாலும் இரண்டு பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்தாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் உட்கார்ந்து ஆடிய பிள்ளை பலகையில் எழுந்து நின்றால் எடை மையம் மேலே ஏறுகிறது, ஊசல் குட்டையாகிறது, ஊஞ்சல் வேகமாகப் போய் வருகிறது. கையில் பூட்டும் நூலும்கூட இல்லை, நாளைக் காலையில் கண்காட்சி என்றால், இன்று சாயங்காலம் ஒரு போனை எடுத்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போய் உட்கார்ந்து பத்து, நின்று பத்து என்று எண்ணி எழுதிக்கொண்டு வந்தாலே போதும். பிடித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும்.